லீஸ்டு லைனா, பிராட்பேண்டா? அலுவலக இணைப்பை முடிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மேசையில் இரண்டு விலைப்பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் 300 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட், இன்னொன்றில் 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், அதாவது நமக்கென்றே ஒதுக்கித் தரும் இணைப்பு. வேகம் ஆறில் ஒரு பங்கு, கட்டணமோ பல மடங்கு. கணக்குப் பார்ப்பவர் “இதில் என்ன நியாயம்?” என்று கேட்பார். கேள்வி சரியானதுதான். ஆனால் 300, 50 என்ற இரண்டு எண்களும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. முதல் எண்ணுக்கு முன்னால் “அதிகபட்சம்” என்ற சொல் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது எண், எந்த நேரத்திலும் அதற்குக் கீழே போகக் கூடாது என்று சேவை நிறுவனம் ஒப்புக்கொண்ட அளவு. அதாவது ஒன்று கூரை, மற்றது தரை.

அதனால் எந்த இணைப்பு வேகமானது என்று பார்த்துப் பயனில்லை. நம் அலுவலகத்தின் மிக மோசமான ஒரு மணி நேரத்தில் என்ன கிடைக்கும், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்கான வழியை 40 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். அவர்களிடம் இப்போது இருப்பது டவுன்லோடு 300, அப்லோடு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பிராட்பேண்ட். மாலையில் வீடியோ கூட்டங்களில் குரல் உடைகிறது என்பது புகார்.

படி 1: நெரிசல் எங்கே உண்டாகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஃபைபர் பிராட்பேண்ட் பெரும்பாலும் ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில் வருகிறது. சேவை நிறுவனத்தின் ஓஎல்டி கருவியிலிருந்து ஒரு ஃபைபர் கிளம்பும். வழியில் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி அதை 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு கிளையும் ஒரு வாடிக்கையாளரிடம் போகும். அந்த ஒற்றை ஃபைபரில் டவுன்லோடுக்கு மொத்தம் ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடுக்கு 1.25 ஜிபிபிஎஸ். இதைத்தான் எல்லாரும் பங்கிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 32 பேருக்குத் தலா 300 எம்பிபிஎஸ் விற்றால் மொத்தம் 9,600. இருப்பது 2,500. ஏறக்குறைய நான்கு மடங்கு விற்றிருக்கிறார்கள். இந்த விகிதத்துக்குப் பெயர்தான் கண்டென்ஷன். 4:1 என்பது பயப்படும் அளவு இல்லை, ஏனென்றால் 32 பேரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பது அபூர்வம். அப்படியே இழுத்தாலும் ஆளுக்கு 78 எம்பிபிஎஸ் வரும்.

பலரும் ஸ்பிளிட்டரைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். உண்மையான நெருக்கடி பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும். ஓர் ஓஎல்டியில் 16 ஜிபான் போர்ட்டுகள், அதிலிருந்து மேலே போக ஒரே ஒரு 10 ஜிபிபிஎஸ் இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டுக்கு 32 பேர் என்றால் 512 வாடிக்கையாளர்கள், விற்ற வேகம் 1,53,600 எம்பிபிஎஸ். இருப்பது 10,000. விகிதம் 15:1 ஆகிவிட்டது. அதற்கும் மேலே, சேவை நிறுவனம் மற்ற வலையமைப்புகளோடு இணையும் இடத்தில் இன்னொரு நெரிசல் இருக்கலாம். ஆக, “உங்கள் கண்டென்ஷன் விகிதம் என்ன?” என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த இடத்தில் அளந்த விகிதம் என்றும் கேளுங்கள். விற்பனையாளருக்குப் பதில் தெரியாவிட்டால் அவருடைய தொழில்நுட்பப் பிரிவைக் கேட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இப்படிப் பங்கிட்டு விற்பது ஏமாற்று வேலை இல்லை. எல்லாருக்கும் தனித்தனியாக ஒதுக்கினால் வீட்டு இணைப்பை இந்த விலைக்கு யாராலும் தர முடியாது. சிக்கல் என்னவென்றால், எவ்வளவு நெரிசல் வரலாம் என்பதற்கு பிராட்பேண்ட் ஒப்பந்தத்தில் எந்த வரம்பும் இருக்காது.

படி 2: குறை கண்டென்ஷன்தானா என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு லீஸ்டு லைன் வாங்குகிறவர்கள் நிறைய. அப்புறம் அதே குரல் அதே மாதிரி உடைகிறது.

வேகச் சோதனைத் தளத்தை மதியம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்தச் சோதனை பத்து, இருபது நொடிதான் ஓடும். அதன் சர்வர் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். நமக்குத் தேவை ஒரு வாரம் முழுக்க ஓடும் பதிவு. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் சேவைகள் இருக்கும் பகுதியில் ஒரு சிறு வாடகை சர்வரை எடுத்து, அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து இவற்றை ஓட்டுங்கள். கீழே உள்ள முகவரி உதாரணத்துக்கு மட்டும்.

```
ping -D -i 1 203.0.113.10 | tee ping.log
mtr -rwc 300 203.0.113.10
iperf3 -c 203.0.113.10 -t 30 -P 4
iperf3 -c 203.0.113.10 -t 30 -P 4 -R
```

முதல் வரி நொடிக்கு ஒருமுறை தாமதத்தை நேரத்தோடு பதிவு செய்யும். இரண்டாவது, வழியில் எந்த இடத்தில் தாமதம் கூடுகிறது என்று காட்டும். மூன்றாவது அப்லோடு, நான்காவது டவுன்லோடு. இந்த இரண்டையும் இடைவிடாமல் ஓட்டாதீர்கள், இணைப்பை நீங்களே அடைத்துவிடுவீர்கள். காலை, மதியம், மாலை, இரவு என நான்கு நேரம் போதும். அதற்கு சர்வரில் iperf3 -s ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

mtr முடிவைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நடுவில் ஒரு ரவுட்டர் 40 சதவீத இழப்பு காட்டும், அதற்கு அடுத்தவை எல்லாம் பூஜ்யம் காட்டும். அது இழப்பே இல்லை. அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதை முக்கியமில்லாத வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓர் இடத்தில் தொடங்கிய இழப்பு கடைசி வரை தொடர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

இந்தப் பதிவை ரவுட்டரில் உள்ள வெளியிணைப்பின் பயன்பாட்டு வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று விதமாக வரலாம்.

நம் அப்லோடு 100-ஐத் தொடும் நேரங்களில் மட்டும் தாமதம் 8 மில்லி நொடியிலிருந்து 200-க்கு எகிறினால், வரிசை நம்முடைய வாசலிலேயே நிற்கிறது. யாரோ பெரிய கோப்பை மேகச் சேமிப்புக்கு ஏற்றுகிறார், குரல் பாக்கெட்டுகள் அதன் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. இதற்கு லீஸ்டு லைன் மருந்து இல்லை. ரவுட்டரில் வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கட்டி, வரிசையை நியாயமாகப் பிரிக்கும் வசதியைப் போட்டால் தீர்ந்துவிடும்:

```
tc qdisc replace dev eth0 root cake bandwidth 90mbit
```

இரண்டாவது, நம் பயன்பாடு 20 எம்பிபிஎஸ்தான், ஆனாலும் மாலை 7 மணியிலிருந்து 11 மணி வரை தாமதம் ஏறி, ஐபெர்ஃப் அப்லோடு 35-க்கு இறங்குகிறது. தினமும் இதே நேரத்தில் இப்படி நடந்தால் அது கண்டென்ஷன்.

மூன்றாவது, நேரமே பார்க்காமல் எப்போதும் ஒரு சதவீத இழப்பு. அது பழுது. ஃபைபர் கருவியின் பக்கத்தில் ஒளியின் அளவைப் பாருங்கள். பரவலாக உள்ள பி பிளஸ் வகை ஜிபானில் அது −8-க்கும் −27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். −28 என்றால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு முனை அழுக்காக இருக்கிறது. ஒரு புகார் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

நம் 40 பேர் அலுவலகத்தில் வந்தது இரண்டாவது வகை. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் வேறு நேர மண்டலத்தில் இருக்கிறார்கள், மாலைதான் முக்கியமான கூட்டங்கள். வீடுகளில் எல்லாரும் படம் பார்க்க உட்காரும் நேரமும் அதுதான்.

படி 3: எவ்வளவு உத்தரவாதம் தேவை என்று கணக்கிடுங்கள்

இங்கே “ஆளுக்கு இத்தனை எம்பிபிஎஸ்” என்று பெருக்குவது வீண் செலவில் முடியும். தாமதத்தைத் தாங்காத வேலை எது, தாங்கும் வேலை எது என்று முதலில் பிரியுங்கள். அப்லோடைப் பாருங்கள், அலுவலகத்தில் முதலில் இடிப்பது அதுதான்.

மாலை உச்சத்தில் ஒரே நேரத்தில் 10 வீடியோ கூட்டங்கள். தலா 3 எம்பிபிஎஸ் என்று தாராளமாக வைத்தால் 30. தொலைபேசி அழைப்புகள் 15. சுருக்கப்படாத ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு, தலைப்புச் சுமையெல்லாம் சேர்த்து, ஒரு திசைக்கு ஏறத்தாழ 90 கேபிபிஎஸ் ஆகும். மொத்தம் ஒன்றரை எம்பிபிஎஸ்ஸுக்குள். விபிஎன் வழியாக வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு 5. கூட்டினால் 36.5. ஓர் இணைப்பை 70, 75 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் வைத்தால்தான் குரலுக்கு மூச்சு விட இடம் இருக்கும். ஆகவே 50 எம்பிபிஎஸ்.

கோப்புகளை ஒத்திசைப்பது, மென்பொருள் புதுப்பிப்பு, இரவு பேக்கப், சாதாரண உலாவல் எல்லாம் தாங்கும் வேலைகள். அரை நிமிடம் தாமதமானால் யாருக்கும் தெரியாது. அவை பழைய பிராட்பேண்டிலேயே போகட்டும். என் கருத்தில் நடுத்தர அலுவலகங்கள் பலவற்றுக்கு இந்தக் கலவைதான் பொருத்தம்: அளவான லீஸ்டு லைன் ஒன்று, பக்கத்தில் பெரிய பிராட்பேண்ட் ஒன்று. எல்லாவற்றையும் 300 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனுக்கு மாற்றச் சொல்லும் விற்பனையாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

படி 4: வாக்குறுதியை வரிவரியாகப் படியுங்கள்

லீஸ்டு லைனுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தத் தாளுக்குத்தான். எஸ்எல்ஏ என்று அழைக்கப்படும் சேவை உடன்படிக்கை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக வரும். கையெழுத்துக்குப் பிறகு அனுப்புகிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

முதலில் சிஐஆர், அதாவது உறுதியளிக்கப்பட்ட வேகம். அது 50 என்று இரண்டு திசைக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் “50 எம்பிபிஎஸ் போர்ட்” என்று மட்டும் இருக்கும். போர்ட் வேகம் வேறு, சிஐஆர் வேறு. 50 போர்ட்டில் சிஐஆர் 10-ஆகவும் இருக்கலாம், மீதி கிடைத்தால் கிடைக்கும் என்ற கணக்கு.

அடுத்து, அந்த உறுதி எங்கிருந்து எங்கே வரை? “1:1, பங்கீடே இல்லை” என்பது பொதுவாக உங்கள் வாசலிலிருந்து சேவை நிறுவனத்தின் வலையமைப்பு விளிம்பு வரை பொருந்தும். அதற்கு அப்பால் உள்ள இணையத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மற்ற வலையமைப்புகளோடு இணையும் இடங்களில் உச்ச நேரப் பயன்பாடு எவ்வளவு என்று கேட்கலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டு கிளைகளை இணைக்கும் நேரடி இணைப்பு என்றால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே இரண்டு முனையும் அவர்கள் கையில்தான்.

கடைசி மைலையும் கேளுங்கள். தனி ஃபைபரா, ரேடியோவா, அல்லது அதே ஜிபான் ஸ்பிளிட்டரில் உங்களுக்கு மட்டும் அளவு ஒதுக்கியதா? மூன்றாவது தானாகவே தவறானது இல்லை. அப்லோடில் ஒருவருக்கு நிலையான அளவை ஒதுக்கி வைக்க ஜிபானில் வழி உண்டு. ஆனால் ஸ்பிளிட்டரோ அந்த ஒற்றைக் கேபிளோ பழுதானால் 32 பேரோடு நீங்களும் விழுவீர்கள். தனி ஃபைபருக்கான விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது.

இப்போது சதவீதங்கள். 99.5 என்றால் கிட்டத்தட்ட நூறு போலத்தான் தோன்றும். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3.6 மணி. 99.9 என்றால் 43 நிமிடம். இது வரை எளிது. ஆனால் கணக்கு மாதத்துக்கா, வருடத்துக்கா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வருடத்துக்கு 99.5 என்றால் 43.8 மணி நேரம் விழலாம். ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரம் இணைப்பு போனது என்று வையுங்கள். மாதக் கணக்கில் அது 96.7 சதவீதம், அப்பட்டமான மீறல். வருடக் கணக்கில் 99.7 சதவீதம், வாக்குறுதி காப்பாற்றப்பட்டது! அதனால் மாதக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

இதைவிட முக்கியமானது, “சேவை இல்லை” என்பதற்கு அவர்கள் தரும் வரையறை. இணைப்பு முழுதாகச் செத்தால் மட்டுமே சேவை இல்லை என்று எழுதியிருந்தால், ஐந்து சதவீத பாக்கெட் இழப்போடு மூன்று நாள் ஓடிய இணைப்பு அந்தத் தாளின்படி நல்ல இணைப்பு. அந்த மூன்று நாளில் ஒரு கூட்டமும் உருப்படியாக நடந்திருக்காது. இழப்பு, தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கமான ஜிட்டர் மூன்றுக்கும் எண்கள் வேண்டும். அந்த எண்ணை மீறினால் அதுவும் சேவை இல்லாத நேரமாகக் கணக்கிடப்படும் என்ற வரி வேண்டும்.

பழுது பார்க்கும் நேரம் 4 மணி என்று இருக்கும். அது சராசரியா, ஒவ்வொரு பழுதுக்குமான வரம்பா? ஒரு மணி நேரப் பழுதுகள் மூன்றும், 13 மணி நேரப் பழுது ஒன்றும் சேர்ந்தாலும் சராசரி 4 மணிதான். கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் புகார் எண் வாங்கிய நிமிடத்திலிருந்துதான். நள்ளிரவில் விழுந்து காலை ஒன்பதுக்கு நீங்கள் கவனித்தால் ஒன்பது மணி நேரம் கணக்கில் வராது. திட்டமிட்ட பராமரிப்பு, உங்கள் கட்டடத்தில் மின்சாரம் இல்லாதது, உங்கள் அறை பூட்டியிருந்ததால் ஆள் காத்திருந்தது ஆகியவையும் கழிக்கப்படும்.

ஈடு என்பது அநேகமாக அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வது. உங்கள் வியாபார நஷ்டத்தை எந்த நிறுவனமும் ஏற்காது, அதை எதிர்பார்த்துப் பேரம் பேசுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, ஒரு காலாண்டில் இத்தனை முறை மீறினால் அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியைக் கேளுங்கள். தள்ளுபடியைவிட அந்த வரிக்குத்தான் சேவை நிறுவனம் பயப்படும்.

படி 5: ஒப்படைக்கும் நாளில் சோதியுங்கள்

இணைப்பு வந்ததும் பொறியாளர் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி “ஓடுகிறது” என்று கையெழுத்து கேட்பார். முதலில் ஒய்.1564 அல்லது ஆர்எஃப்சி 2544 முறையில் செய்த சோதனை அறிக்கையைக் கேளுங்கள். முழு சிஐஆர் வேகத்தில் இழப்பும் தாமதமும் எவ்வளவு என்று அதில் இருக்கும். பிறகு நீங்களே ஐபெர்ஃப் ஓட்டுங்கள்.

50 எம்பிபிஎஸ் இணைப்பில் ஐபெர்ஃப் 50 காட்டாது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் தலைப்புகளும் இடைவெளிகளும் போவதால், டிசிபி தரவுக்குக் கிடைப்பது சுமார் 95 சதவீதம். 47 வந்தால் முழு அளவு வந்துவிட்டது என்று பொருள். 40 வந்தால் கேள்வி கேளுங்கள். ஒரே ஒரு டிசிபி ஓட்டத்தை வைத்து, அதுவும் தூரத்து சர்வரோடு, முடிவுக்கு வராதீர்கள். 200 மில்லி நொடி தூரத்தில், 64 கிலோபைட் ஜன்னல் அளவோடு, அதாவது பதில் வருவதற்கு முன் அவ்வளவு மட்டும் அனுப்பிக் காத்திருந்து ஓடும் பழைய மென்பொருள் 2.6 எம்பிபிஎஸ்தான் எடுக்கும். அங்கே இணைப்பின் அகலத்துக்கு எந்த வேலையும் இல்லை.

எண் குறைவாக வந்தால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, அவர்கள் போர்ட்டை 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் நிறுத்தியிருப்பார்கள், உங்கள் ரவுட்டர் தானியங்கியில் இருக்கும். இரண்டு கருவிகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடக்காததால் உங்கள் பக்கம், ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் அழகாக இருக்கும், சுமை ஏறியதும் எல்லாம் சரியும். இதைப் பார்க்க:

```
ethtool eth0
```

Duplex: Half என்று வந்தால் திருடன் அகப்பட்டான். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது நுட்பமானது. சேவை நிறுவனம் சிஐஆரை பெரும்பாலும் போலீசர் முறையில் கட்டுப்படுத்தும். 50-ஐத் தாண்டிய பாக்கெட்டை வரிசையில் நிறுத்தாமல் கீழே போட்டுவிடும். உங்கள் ரவுட்டர் ஜிகாபிட் போர்ட்டில் ஒரு நொடியின் சிறு துண்டில் கொத்தாக அனுப்பும்போது, சராசரி 30-ஆக இருந்தாலும் அந்தக் கொத்தில் சில பாக்கெட்டுகள் விழும். டிசிபி பின்வாங்கும், வேகம் 35-ஐத் தாண்டாது. இதற்கு மருந்து நம் பக்கம்தான்: படி 2-இல் சொன்ன அதே கட்டளையை 48mbit என்று போட்டு, நம் ரவுட்டரே சீராக அனுப்பும்படி செய்ய வேண்டும்.

படி 6: பதிவை நிறுத்தாதீர்கள், மாற்றுவழியைச் சோதியுங்கள்

பிங் பதிவை லீஸ்டு லைன் வந்த பிறகும் ஓடவிடுங்கள். இரண்டு நிமிடம் பதில் இல்லை என்றால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி வைத்து, வந்த உடனே புகார் எண் வாங்குங்கள். கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்கும். தள்ளுபடி தானாக வராது. குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுதிக் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அந்தத் தேதியைக் கணக்குப் பிரிவின் நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

பிராட்பேண்டை மாற்றுவழியாக வைத்திருப்பவர்கள் அது வேறு நிறுவனமா என்று மட்டும் பார்ப்பார்கள். வேறு குழாயா என்றும் பாருங்கள். இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே பள்ளத்தில் வந்தால், ஒரு மண்வாரி இயந்திரம் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். கட்டடத்துக்குள் கேபிள் நுழையும் இடத்தைப் போய் நேரில் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது என்றால் மாற்றுவழிக்கு ஒரு மொபைல் இணைப்பை வையுங்கள்.

அலுவலக நேரம் முடிந்ததும் லீஸ்டு லைன் கேபிளை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உலாவல் பிராட்பேண்டுக்கு மாறிவிடும். ஆனால் லீஸ்டு லைனின் நிலையான ஐபி முகவரியை நம்பி வெளியிலிருந்து உள்ளே வரும் விபிஎன், தொலைபேசி சர்வர் ஆகியவை நின்றுவிடும். விபிஎன் மென்பொருளில் பிராட்பேண்டின் முகவரியை இரண்டாவதாகச் சேர்த்து வைக்கலாம். அதற்கு அந்த இணைப்பிலும் நிலையான முகவரி வேண்டும், பிராட்பேண்ட் நிறுவனத்திடம் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.